குளிர் கூடினால் எண் குறையும்: எண்கோட்டில் மைனஸ் எண்கள்

டிசம்பர் மாதத்தில் ஊட்டிப் பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும் காலை ஏழு மணிப் பேச்சு ஒன்றுதான். “நேத்து மைனஸ் ஒண்ணுதான். இன்னிக்கு மைனஸ் மூணு. ரெண்டு டிகிரி கூடிருச்சு.” சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இதில் எந்தக் குழப்பமும் இல்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடையோரம் நிற்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது புரிகிறது. அதே பிள்ளைதான் ஒன்பதரை மணிக்கு என் வகுப்பில் உட்கார்ந்து, ‘-1, -3 இவற்றில் பெரிய எண் எது?’ என்ற பயிற்சித்தாள் கேள்விக்கு -3 என்று எழுதுகிறது.

ஏன் என்று கேட்டேன். “இன்னிக்குத்தானே டீச்சர் ஜாஸ்தி?” என்று பதில் வந்தது.

அந்தப் பதிலைக் கேட்ட பிறகு சிவப்பு மையால் சுழித்துவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை காலையில் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறது. கூடிருச்சு என்று ஊரே சொல்லும்போது அது எப்படிச் சின்ன எண்ணாக இருக்கும்? நம் மலையில் மைனஸ் எண்கள் புரியாமல் போவதற்கு முதல் காரணம் இந்தப் பேச்சு வழக்கு. கழித்தலில் எல்லோரும் தடுமாறும் இடத்தைத் திறக்கும் சாவியும் இதே பேச்சு வழக்கில்தான் இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம். அதற்கு முன்னால் கோட்டைப் போட வேண்டும்.

சாலைக்கு மேலே, சாலைக்குக் கீழே

குன்னூரிலோ கோத்தகிரியிலோ வீட்டுக்கு வழி சொல்லும்போது நாம் சாலையைத்தான் ஆதாரமாக வைத்துக்கொள்கிறோம். சரிவில் கட்டிய ஊர்கள் இவை. சாலையிலிருந்து படி ஏறினால் சில வீடுகள், படி இறங்கினால் சில வீடுகள். “ரோட்டுக்கு மேல ரெண்டாவது வீடு”, “ரோட்டுக்குக் கீழ மூணாவது வீடு” என்று சொன்னால் தபால்காரர் சரியாகப் போய்விடுவார். ‘மூணாவது வீடு’ என்று மட்டும் சொன்னால் நடுவழியில் நிற்பார். எண்ணோடு சேர்த்து, மேலேயா கீழேயா என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும்.

மைனஸ் குறி செய்யும் வேலை இதுதான். சாலையை 0 என்று வைத்துக்கொண்டால், மேலே உள்ள வீடுகள் 1, 2, 3. கீழே உள்ளவை -1, -2, -3. பாடப்புத்தகம் முதல் வகையை மிகை எண்கள் என்றும் இரண்டாவது வகையைக் குறை எண்கள் என்றும் சொல்கிறது. இரண்டு பக்க முழு எண்களையும் பூஜ்ஜியத்தையும் சேர்த்து முழுக்கள் என்கிறோம். இந்தக் கட்டுரைக்கு இந்த மூன்று பெயர்கள் போதும்.

இங்கே பூஜ்ஜியத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ‘பூஜ்ஜியம்னா ஒண்ணுமில்லே’ என்று ஒன்றாம் வகுப்பில் கற்றுக்கொண்டு வருகிறார்கள். ஒன்றுமில்லாததைவிடக் குறைவாக எப்படி ஒன்று இருக்கும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் சாலை ‘ஒன்றுமில்லாதது’ இல்லையே. அது நாம் எண்ணத் தொடங்கும் இடம். அதற்குக் கீழேயும் வீடு இருக்கிறது, அடுப்பு எரிகிறது.

செல்சியஸ் அளவிலும் பூஜ்ஜியம் அப்படி ஒரு சாலைதான். தண்ணீர் உறையும் இடத்தை 0 என்றும் கொதிக்கும் இடத்தை 100 என்றும் வைத்திருக்கிறோம். 1742இல் ஆண்டர்ஸ் செல்சியஸ் முதலில் முன்வைத்த அளவில் இது தலைகீழாக இருந்தது. கொதிநிலை 0, உறைநிலை 100. பின்னால் வந்தவர்கள்தான் திருப்பிப் போட்டார்கள். எங்கே பூஜ்ஜியம் வைப்பது, எந்தப் பக்கம் எண் ஏறுவது என்பதெல்லாம் மனிதர்கள் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. செல்சியஸின் பழைய அளவே நிலைத்திருந்தால், டீக்கடையில் சொல்லும் ‘கூடிருச்சு’ கணக்குப்படியும் சரியாகவே இருந்திருக்கும்.

ஆக, பூஜ்ஜியம் ஓர் இடம். எண் எவ்வளவு தூரம் என்று சொல்கிறது. குறி எந்தப் பக்கம் என்று சொல்கிறது.

வெப்பமானியைப் படுக்க வைத்தால்

பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் கண்ணாடி வெப்பமானியில் பெரும்பாலும் -10 முதல் 110 வரை கோடுகள் இருக்கும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அதில் 35க்குக் கீழே எண்ணே கிடையாது. ஆய்வக வெப்பமானியைக் கையில் எடுத்து, எண்கள் வலப்பக்கம் ஏறும்படி படுக்க வைத்துப் பாருங்கள். அதுதான் எண்கோடு. அதாவது, எண்களைச் சம இடைவெளியில் வரிசையாகக் குறித்த நேர்கோடு.

```
-5  -4  -3  -2  -1   0   1   2   3   4   5
```

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் இதை வரையும்போது 0ஐ முதலில் நடுவில் வைக்கச் சொல்வேன். இடது ஓரத்திலிருந்து எழுத ஆரம்பிக்கும் பிள்ளைகள், -1, -2, -3 என்று எழுதிக்கொண்டே வந்து, பூஜ்ஜியத்துக்கு இடம் இல்லாமல் அப்படியே 1, 2, 3 என்று தொடர்ந்துவிடுகிறார்கள். 0இல் தொடங்கி இரண்டு பக்கமும் நடந்தால் இந்தத் தவறு வராது. அப்புறம், ஒரு எண்ணுக்கு ஒரு கட்டம் என்றால் கடைசி வரை ஒரு கட்டம்தான். 0க்கும் -1க்கும் நடுவே மட்டும் அகலமாக விட்டுவிட்டால், பின்னால் தாவி எண்ணும்போது எல்லாம் கோணலாகும்.

வெப்பமானியை வாசிப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. திரவம் -1க்கும் -2க்கும் சரியாக நடுவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிப்பேர் ‘மைனஸ் இரண்டரை’ என்பார்கள். கீழே இருக்கும் -2ஐப் பார்த்துவிட்டு, அதற்கு மேலே அரை என்று சேர்த்துவிடுகிறார்கள். பூஜ்ஜியத்துக்கு மேலே அந்தப் பழக்கம் சரி. 2க்கு மேலே அரை என்றால் இரண்டரைதான். பூஜ்ஜியத்துக்குக் கீழே எண்கள் கீழ்நோக்கி வளர்கின்றன. எனவே 0இலிருந்து கீழே இறங்கி வர வேண்டும். -1 தாண்டி அரை, ஆகவே மைனஸ் ஒன்றரை. எப்போதும் சாலையிலிருந்தே வழி கேளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

வெப்பமானியைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊரில் ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் சண்டையையும் சொல்லிவிடுகிறேன். செய்தியில் 2 டிகிரி என்று வருகிறது. தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல் முழுக்க வெள்ளையாக உறைபனி கொட்டிக் கிடக்கிறது. “ரெண்டு டிகிரியில தண்ணி எப்படி உறையும்? செய்தியே பொய்” என்று ஒரு தரப்பு. இரண்டுமே உண்மை. வானிலை வெப்பமானி, வெயிலும் பனியும் நேரே படாத மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறத்தாழ நாலடி உயரத்தில் இருக்கிறது. மேகம் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. அதனால் புல்லின் மேற்பரப்பு, நாலடிக்கு மேலே உள்ள காற்றைவிடச் சில டிகிரி அதிகமாகக் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் வழிந்து பள்ளங்களில் தேங்கும். பெட்டியில் 2, புல்லில் -2 என்பது நடக்கக்கூடியதுதான். அந்த -2தான் தேயிலைக் கொழுந்தைக் கருக்குகிறது. இந்த இரண்டு எண்களை நினைவில் வையுங்கள், கழித்தலில் மறுபடி வரும்.

ஒப்பிடுதல்: ‘கூடுதல்’ என்ற சொல் எங்கே ஒட்டுகிறது

எண்கோட்டில் ஒப்பிடுவதற்கு ஒரே விதிதான். வலப்பக்கம் இருப்பது பெரியது, இடப்பக்கம் இருப்பது சிறியது. வெப்பமானியை நிமிர்த்திப் பிடித்தால் மேலே இருப்பது பெரியது. பூஜ்ஜியத்துக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் இந்த விதி மாறுவதில்லை. 3 என்பது 1க்கு வலப்பக்கம், ஆகவே பெரியது. -3 என்பது -1க்கு இடப்பக்கம், ஆகவே சிறியது. விதி இவ்வளவுதான். ஆனாலும் பிள்ளைகள் தவறு செய்கிறார்கள், பெரியவர்களும் செய்கிறோம்.

சிலர் குறியை மறைத்துவிட்டு 3ஐயும் 1ஐயும் மட்டும் பார்ப்பதால் தவறுகிறார்கள். இது எங்கும் நடப்பது. என் வகுப்பில் நடந்தது வேறு. எங்களிடம் குளிர் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது கூடும், குறையும், இறங்கும், ஏறும். டீக்கடைக்காரர் அளப்பது குளிரை. வெப்பமானி அளப்பது வெப்பநிலையை. குளிர் கூடுகிறது என்றால் வெப்பநிலை குறைகிறது. ‘கூடிருச்சு’ என்ற சொல் குளிரோடு ஒட்டியிருக்கிறது. பயிற்சித்தாளில் உள்ள ‘பெரிய எண்’ என்ற சொல் வெப்பநிலையோடு ஒட்டியிருக்கிறது. பிள்ளை ஒன்றைப் பிய்த்து இன்னொன்றின் மேல் ஒட்டிவிட்டது.

இதற்கு நான் கண்டுபிடித்த மருந்து எளியது. ‘பெரியது எது?’ என்ற கேள்வி வந்தால், ‘எது கொஞ்சமாவது வெதுவெதுப்பு?’ என்று மாற்றிக் கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன். -1 டிகிரிக் காலையும் -3 டிகிரிக் காலையும் இரண்டுமே நடுங்க வைப்பவை. ஆனாலும் எதில் வெளியே போவாய் என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் யோசிக்காமல் -1 என்று சொல்லிவிடும். சரி, அப்போது -1தான் பெரியது.

ஏறுவரிசையில் அடுக்கும் கேள்வியும் இப்படியே. 4, -3, 0, -1, 2 என்று ஐந்து காலைகள் தரப்பட்டிருக்கின்றன. மனதிலேயே அடுக்க வேண்டாம். ஐந்தையும் எண்கோட்டில் புள்ளியாக வைத்துவிட்டு, இடமிருந்து வலமாகப் படித்தால் போதும்: -3, -1, 0, 2, 4. குறை எண்கள் மட்டும் இருக்கும் பகுதியைப் பாருங்கள். 1, 3 என்று ஏறுவது, பூஜ்ஜியத்தின் அந்தப் பக்கம் -3, -1 என்று திரும்பி நிற்கிறது. ஏரிக்கரையில் நிற்கும் மரங்கள் தண்ணீரில் தலைகீழாகத் தெரிவது போல. உச்சியில் இருக்கும் கிளை, தண்ணீரில் அடியாழத்தில் தெரியும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். -4 என்பது -2ஐவிட இரண்டு மடங்கு குளிர் என்று சொல்லக்கூடாது. 0 என்பது தண்ணீர் உறையும் இடமே தவிரக் குளிரின் தொடக்கம் இல்லை. 0 டிகிரியிலும் 5 டிகிரியிலும்கூட நமக்குக் குளிர்கிறதே. இரண்டு டிகிரி தாழ்வு என்று சொல்லலாம், மடங்கு சொல்ல வழியில்லை.

இந்தப் பகுதியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: வலம் என்றால் பெரியது. ‘கூடுதல்’ என்ற சொல்லைக் கேட்டால், கூடியது குளிரா வெப்பநிலையா என்று ஒரு நொடி நின்று பார்க்க வேண்டும்.

கூட்டல்: இடமும் நடையும்

‘காலை 6 மணிக்கு வெப்பநிலை -3 டிகிரி. 9 மணிக்குள் 5 டிகிரி உயர்ந்தது. இப்போது எவ்வளவு?’ இது -3 + 5.

இதில் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஆனால் இரண்டும் ஒரே வகை இல்லை. -3 என்பது ஓர் இடம், வெப்பமானியில் திரவம் நிற்கும் இடம். 5 என்பது ஒரு நடை, அங்கிருந்து எத்தனை அடி போனது என்பது. கூட்டல் என்றால் இடத்தில் நின்று நடையைப் போடுவது. மிகை நடை வலப்பக்கம், குறை நடை இடப்பக்கம். -3இல் பென்சிலை வைத்து, வலப்பக்கம் ஐந்து தாவல்: -2, -1, 0, 1, 2. விடை 2.

இங்கே ஒரு தவறு விடாமல் வரும். நிற்கும் இடத்தையே ‘ஒன்று’ என்று எண்ணிவிடுவார்கள். -3ஐத் தொட்டு ஒன்று, -2ஐத் தொட்டு இரண்டு என்று போனால் ஐந்தாவது எண்ணிக்கையில் 1இல் நிற்பார்கள். விடை எப்போதும் ஒன்று குறைவாகவே வந்தால் காரணம் இதுதான். எண்ண வேண்டியது கோடுகளை அல்ல, கோடுகளுக்கு நடுவே உள்ள தாவல்களை. மாடிப்படியில் நின்றுகொண்டிருக்கும் படியை யாரும் ஏறியதாகக் கணக்கு வைப்பதில்லை. என் வகுப்பில் பென்சிலால் வளைவு வளைவாகத் தாவல் போட்டு, வளைவுகளை எண்ணச் சொல்வேன்.

குறை நடை வந்தாலும் வேலை இதேதான். மாலை 6 மணிக்கு 2 டிகிரி, இரவில் 5 டிகிரி இறங்கியது என்றால் நடை -5. 2 + (-5): 2இல் நின்று இடப்பக்கம் ஐந்து தாவல், -3 வந்துவிடும். ஏற்கெனவே -1இல் இருந்து மேலும் 3 இறங்கினால் -1 + (-3), அதாவது -4. இரண்டும் குறை எண்கள் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. பூஜ்ஜியத்துக்கு இந்தப் பக்கமே நின்று, இன்னும் இடப்பக்கம் நடக்கிறோம்.

பூஜ்ஜியத்தைத் தாண்டும் கணக்கைக் கோடு இல்லாமல் போட விரும்பும் பிள்ளைக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. நடையை இரண்டாக உடைக்க வேண்டும். -3 + 5இல், முதலில் சாலைக்கு வர 3 தேவை. ஐந்தில் மூன்று போக மீதி 2. சாலையிலிருந்து 2 மேலே. இதுவும் கோடுதான், தலைக்குள் வரைந்துகொண்ட கோடு.

இடம், நடை என்ற பிரிவை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சில பயிற்சித்தாள்களில் ‘காலை -2 டிகிரி, மதியம் 14 டிகிரி, இரண்டையும் கூட்டுக’ என்று கேட்டிருப்பார்கள். 12 என்று விடை வரும். அந்த 12 எந்த நேரத்து வெப்பநிலை? எதுவும் இல்லை. இரண்டு இடங்களைக் கூட்டினால் ஒரு பொருளும் வராது. ரோட்டுக்குக் கீழே இரண்டாவது வீட்டையும் ரோட்டுக்கு மேலே பதினான்காவது வீட்டையும் கூட்ட முடியுமா? இப்படிப்பட்ட கேள்விகளைப் பார்த்தால் ஆசிரியர்கள் மாற்றி எழுதிவிடுவது நல்லது. ‘-2 டிகிரியில் இருந்து 14 டிகிரி உயர்ந்தால்’ என்று ஒரு சொல்லைத் திருத்தினால் கேள்விக்கு உயிர் வந்துவிடும்.

சுருக்கமாக, இடம் + நடை = புதிய இடம்.

கழித்தல்: இரண்டு இடங்களுக்கு நடுவே

மேலே சொன்ன பெட்டியும் புல்லும் நினைவிருக்கிறதா? பெட்டியில் 2, புல்லில் -2. வித்தியாசம் எவ்வளவு? நிறையப் பேர் சட்டென்று ‘பூஜ்ஜியம்’ என்பார்கள், இரண்டும் இரண்டுதானே என்று. கோட்டைப் பாருங்கள். -2இல் இருந்து 0க்கு இரண்டு தாவல், 0இல் இருந்து 2க்கு இன்னும் இரண்டு. மொத்தம் நான்கு. கணக்காக எழுதினால் 2 - (-2) = 4.

கழித்தலின் உள்வேலை இதுதான்: இரண்டாவது எண்ணிலிருந்து முதல் எண்ணுக்கு வர எவ்வளவு நடை, எந்தப் பக்கம்? 7 - 4 என்றால் 4இல் இருந்து 7க்கு வர 3. எண்கள் குறையானாலும் கேள்வி மாறுவதில்லை. -1 - (-4) என்றால், -4இல் இருந்து -1க்கு வர வலப்பக்கம் 3, ஆகவே 3. திருப்பிப் போட்டு -4 - (-1) என்றால், -1இல் இருந்து -4க்கு வர இடப்பக்கம் 3, ஆகவே -3. தூரம் ஒன்று, திசை வேறு. வெப்பநிலை எவ்வளவு மாறியது என்று கேட்டால் எப்போதும் பின்னால் வந்ததை முதலில் எழுதி, முன்னால் இருந்ததைக் கழிக்க வேண்டும். ‘இப்போது கழித்தல் அப்போது’ என்று நினைவு வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த விளக்கத்தைக் கேட்ட பிறகும் பிள்ளைகள் ஒன்று கேட்பார்கள். “மைனஸைக் கழிச்சா எப்படி டீச்சர் கூடும்?” இங்கேதான் டீக்கடைக்குத் திரும்பிப் போக வேண்டும்.

பொங்கல் கழிந்து மாசி நெருங்கும்போது டீக்கடைப் பேச்சு மாறும். “குளிர் மூணு டிகிரி குறைஞ்சிருச்சு.” இதைக் கேட்டு வெப்பநிலை குறைந்துவிட்டது என்று ஊட்டியில் ஒருவரும் நினைக்கமாட்டார்கள். ஸ்வெட்டரைக் கழற்றலாம் என்றுதான் நினைப்பார்கள். அந்த வாக்கியத்தைக் கணக்காக எழுதிப் பாருங்கள். குளிர் என்பது கீழ்நோக்கிய நடை, மூன்று டிகிரிக் குளிர் -3. அது குறைந்தது, அதாவது கழிக்கப்பட்டது: - (-3). வெப்பநிலை மூன்று ஏறியது: +3. நேற்று -1 இருந்தது, குளிர் மூன்று டிகிரி குறைந்தது என்றால், -1 - (-3) = -1 + 3 = 2. ஒப்பிடும்போது நம்மைக் கவிழ்த்த அதே பேச்சு, இங்கே மைனஸுக்குள் மைனஸை வாய்விட்டுச் சொல்லிக் காட்டுகிறது. நம் பாட்டிமார்கள் குறை எண்ணைக் கழிப்பதைப் பேச்சிலேயே செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

நம்ப மறுக்கும் பிள்ளைக்கு இன்னொரு வழி, வரிசையை எழுதிப் பார்ப்பது:

```
2 - 2 = 0
2 - 1 = 1
2 - 0 = 2
2 - (-1) = 3
2 - (-2) = 4
```

கழிக்கும் எண் ஒவ்வொன்றாகச் சிறிதாகும்போது விடை ஒவ்வொன்றாக ஏறுகிறது. பூஜ்ஜியத்தைத் தாண்டியதும் அந்த ஒழுங்கு திடீரென்று உடைவதற்குக் காரணம் எதுவும் இல்லை. 628ஆம் ஆண்டிலேயே பிரம்மகுப்தர் இந்த விதிகளைச் செல்வம், கடன் என்ற சொற்களால் எழுதிவைத்தார். கடனைக் கழித்துவிட்டால் கையிருப்பு ஏறும் என்பதும் குளிரைக் கழித்துவிட்டால் வெப்பநிலை ஏறும் என்பதும் ஒரே கணக்குதான்.

‘மைனஸும் மைனஸும் பிளஸ்’ என்ற வாய்ப்பாட்டை மட்டும் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள் என்று பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளை -3 - 5 என்பதைப் பார்த்ததும் இரண்டு மைனஸ் இருக்கிறது என்று 8 எழுதிவிடும். இங்கே முதல் மைனஸ் ஒரு முகவரி, சாலைக்குக் கீழே என்று சொல்வது. இரண்டாவது மைனஸ் ஒரு செயல், இடப்பக்கம் நட என்று சொல்வது. -3இல் நிற்கும் காலை இன்னும் 5 டிகிரி இறங்கினால் -8 ஆகும், 8 ஆகாது. குறிகள் ஒன்றையொன்று மாற்றுவது, அவை ஒட்டி நிற்கும்போது, அதாவது ஒரு குறை எண்ணைக் கழிக்கும்போது மட்டும்தான்.

இதுவரை வந்ததில் கடைசியாக: இடம் - இடம் = நடை. குறை எண்ணைக் கழிப்பது வலப்பக்கம் நடப்பது.

ஒரு பயிற்சித்தாளை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

என் வகுப்புக்கு நான் எழுதிக்கொடுக்கும் தாள் ஒன்று. எண்கள் கணக்குக்காக வைத்தவை. ஐந்து காலைகளில் புல்மட்ட வெப்பநிலை: திங்கள் 2, செவ்வாய் -1, புதன் -3, வியாழன் 0, வெள்ளி -2.

முதல் கேள்வி, எந்த நாள் மிகவும் குளிர்ந்தது? எண்கோட்டில் எல்லாவற்றுக்கும் இடப்பக்கம் நிற்பது -3, ஆகவே புதன். இரண்டாவது, ஏறுவரிசை: -3, -2, -1, 0, 2. மூன்றாவது கேள்விதான் நேரம் எடுக்கும். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட எவ்வளவு மாறியது?

இப்போது கழித்தல் அப்போது என்று போடுவோம். செவ்வாய்: -1 - 2 = -3. புதன்: -3 - (-1) = -2. வியாழன்: 0 - (-3) = 3. வெள்ளி: -2 - 0 = -2. நான்கு நடைகள்: -3, -2, 3, -2.

இந்த நான்கும் சரியா என்று விடைத்தாளைப் பார்க்காமலே சோதித்துவிடலாம். திங்களிலிருந்து வெள்ளிக்கு நாளுக்கு நாளாக நடந்தாலும், ஒரே தாவலாகப் போனாலும் சேரும் இடம் ஒன்றுதான். ஆகவே நான்கு நடைகளின் கூட்டல், வெள்ளி கழித்தல் திங்களுக்குச் சமமாக இருக்க வேண்டும். நடைகளைக் கூட்டுவோம்: -3 + (-2) = -5, அதோடு 3 சேர்த்தால் -2, அதோடு -2 சேர்த்தால் -4. நேரே போட்டால் -2 - 2 = -4. பொருந்துகிறது.

போன பருவத்தில் ஒரு பிள்ளைக்கு இது பொருந்தவில்லை. நடைகளைக் கூட்டியதில் அவளுக்கு -10 வந்தது. எங்கே பிசகியது என்று தெரியாமல் நான்கையும் அழிக்கப் போனாள். “அழிக்காதே கண்ணு, எவ்வளவு தள்ளி இருக்கு?” என்று கேட்டேன். -4க்கும் -10க்கும் நடுவே 6. ஒரு நடையைத் திசை மாற்றிப் போட்டால், போக வேண்டிய பக்கம் போகாததோடு எதிர்ப்பக்கமும் போய்விடுகிறோம். ஆகவே பிழை அந்த நடையைப் போல இரண்டு மடங்காக இருக்கும். ஆறில் பாதி மூன்று. மூன்று தாவல் உள்ள நடைகள் இரண்டுதான், செவ்வாயும் வியாழனும். அவள் வியாழனைப் பார்த்தாள். 0 - (-3)க்கு -3 என்று எழுதியிருந்தாள். எண்கோட்டில் -3இல் விரலை வைத்து 0 வரை நகர்த்தினாள். “வெதுவெதுப்பு பக்கம் போகுது டீச்சர்” என்று சொல்லிவிட்டு, மைனஸை மட்டும் ரப்பரால் அழித்தாள்.